குழுப் படத்தில் ஒருவருடைய உடுப்பை மட்டும் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டிருக்கிற உடுப்பின்ட நிறத்தை மட்டும் மாத்தினாப் போதாதா? புதுசா ஒண்டு போடத்தான் வேணுமா?

வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவதென்றால் போதும். வெள்ளைச் சேட்டை நீலமாக்குவதும் மஞ்சள் சாறியைப் பச்சையாக்குவதும் நிறத்தோடு முடிகிற வேலை. Photoshop இல் உடுப்பை மட்டும் தேர்ந்து, மேலே வேண்டிய நிறத்தில் ஒரு லேயர் போட்டு, அதன் கலப்பு முறையை Multiply ஆக்கினால் மடிப்பும் நிழலும் அப்படியே இருக்க நிறம் மட்டும் இறங்கும். அந்த வெள்ளை வெயிலில் எரிந்துபோனதாக மட்டும் இருக்கக்கூடாது. பிரகாசம் உச்ச அளவான 255 ஐத் தொட்ட இடத்தில் மடிப்பே பதிவாகியிருக்காது, அதன்மேல் எந்த நிறத்தைப் போட்டாலும் தட்டையாகத்தான் விழும்.

அடர் நிறத்தை வெளிர் ஆக்குவதுதான் ஏலாத வேலை. கறுப்பு, கடும்நீலத் துணியெல்லாம் 0 முதல் 255 வரையான அளவில் அநேகமாக 10க்கும் 30க்கும் இடையில் கிடக்கும். அந்த இருபது படிகளைப் பிடித்து 120 தொடக்கம் 230 வரை இழுத்தால் துணி பட்டை பட்டையாகப் பிரியும், இருட்டுக்குள் மறைந்திருந்த புள்ளிகளெல்லாம் மேலே வரும். அங்கே வேறொரு சேட்டைப் படத்திலிருந்து எடுத்து மேலே வைப்பதைத் தவிர வழியில்லை.

திருகோணமலையில் அதிகம் கேட்கப்படுவதும் இந்த இரண்டாவது வகைதான். அதனால் கீழே வரும் பதில்களை ஒரே எடுத்துக்காட்டை வைத்துச் சொல்கிறோம். கோணேசர் கோயிலடியில், கடல் பின்னால் தெரிய, பின்னேரம் எடுத்த ஒன்பது பேர் குடும்பப் படம்; அளவு 4000 × 3000 பிக்சல். எல்லாரும் பட்டும் வேட்டியுமாக நிற்க, பின்வரிசையில் மாமா ஒருவர் மட்டும் கடும்நீல ரீசேட்டோடு நிற்கிறார். அவருக்கு வெளிர் சந்தன நிற முழுக்கைச் சேட் போட வேண்டும். அவருக்கு இடப்பக்கம் மாமி, மெரூன் பட்டுச் சாறியில். சாறித் தலைப்பு மாமாவின் முழங்கையில் கிடக்கிறது. வலப்பக்கம் அரை அடி பின்னால் நிற்கும் தம்பி, மாமாவின் தோளில் கை போட்டிருக்கிறார். முன்னால் மல்லிகைப்பூ வைத்த ஒரு பிள்ளையின் தலை மாமாவின் வயிற்றை மறைக்கிறது.

வாட்ஸ்அப்பில வந்த படம்தான் கையில இருக்கு. அதை வச்சுச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அசல் கிடைக்குமென்றால் அதற்குக் காத்திருப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். ஒன்பது பேரை அதற்குள் அடக்கினால் ஓர் ஆளின் தோளகலத்துக்கு 200 பிக்சல்கூடத் தேறாது. தோளில் கிடக்கும் விரலொன்று ஐந்தாறு பிக்சல்தான் வரும். விரலுக்கும் ரீசேட்டுக்கும் இடையிலுள்ள எல்லையை அதில் கண்ணால் காண ஏலாது, பிறகு எப்படி வெட்டுவது?

படம் எடுத்தவரிடம் அதையே டொக்யுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. 8 × 12 அங்குலத்தில் பிரின்ட் எடுக்கும் எண்ணமிருந்தால் 2400 × 3600 பிக்சல் இருந்தால் வசதி.

எந்த உடுப்பில இருந்து எந்த உடுப்புக்கு மாத்துறது லேசு?

புது உடுப்பு பழையதை முழுசாக மூடவேண்டும். இந்த ஒன்றைப் பார்த்தாலே வேலை லேசா கடினமா என்று தெரிந்துவிடும். அரைக்கையிலிருந்து முழுக்கைக்குப் போவது, வட்டக்கழுத்திலிருந்து கொலர் வைத்த சேட்டுக்குப் போவது, மேலே கோட் போடுவது எல்லாம் லேசு.

எதிர்த்திசையில் போனால் இல்லாததைப் படைக்க வேண்டிவரும். முழுக்கையை அரைக்கையாக்கினால் முழங்கைத் தோலை வரையவேண்டும். தொளதொளத்த சேட்டை எடுத்துவிட்டு ஒட்டிய சேட் போட்டால், சேட் ஒதுங்கிய இடத்தில் பின்னால் நிற்பவரின் உடுப்புத் தெரியவேண்டும், ஆனால் அது படத்திலேயே இல்லை. பக்கத்து ஆளின் உடுப்பு கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே ஒரு சுற்றுப் பெரிய சேட்டைத் தெரிந்தெடுங்கள்.

புது சேட்டை எங்க இருந்து எடுக்கிறது? நெட்டில ஒரு சேட் படத்தை எடுத்து ஒட்டலாமா?

கடை விளம்பரத்துச் சேட் படங்கள் சரிவராது. அவை பல பக்க வெளிச்சத்தில், நிழலே இல்லாமல், பொம்மைக்கு மாட்டி எடுத்தவை. அந்தச் சேட்டை அதே ஆளுக்கோ, அவர் இல்லையென்றால் அதே உடல்வாகுள்ள இன்னொருவருக்கோ போட்டு ஒரு படம் எடுங்கள். நல்ல போன் கமரா போதும்.

எடுக்கும்போது மூன்று விஷயம் பொருந்தவேண்டும். முதலாவது வெளிச்சம் வரும் திசை. எங்கள் ஊரில் கடல் கிழக்கே. கடலைப் பின்னால் வைத்துப் பின்னேரம் எடுத்த படத்தில் சூரியன் கமராக்காரருக்குப் பின்னால் மேற்கில் நிற்கும், முகத்தில் நேர் வெளிச்சம் விழும். காலையில் எடுத்ததென்றால் ஆட்களுக்குப் பின்னால் இருந்து வரும், தோளோரம் மட்டும் பளிச்சிடும். குழுப் படத்தில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதென்று பார்த்து, புதுப் படத்திலும் அதே பக்கம் விழ ஆளை நிறுத்துங்கள். இரண்டாவது தூரம். போனை ஒரு மீற்றரில் பிடித்தால் நெஞ்சு பெருத்துத் தோள் ஒடுங்கும். மூன்று நான்கு மீற்றர் தள்ளிநின்று எடுங்கள். மூன்றாவது கையின் நிலை. மாமாவின் இடக்கை மடங்கியிருக்கிறதா தொங்குகிறதா என்று பார்த்து அதேபோல வைக்கச் சொல்லுங்கள். மடிப்பு விழும் இடம் கையைப் பொறுத்தது, பிறகு இழுத்து வளைத்துச் சரிசெய்ய ஏலாது.

வெளிச்சம் பக்கம் மாறிவிட்டதென்று படத்தை இடம்வலமாகத் திருப்புகிறவர்கள் பலர். திருப்பினால் பொக்கற் வலப்பக்கம் போய்விடும், பொத்தான் பட்டியும் பெண்கள் சேட்டின் பக்கமாக மாறிவிடும். சாறியென்றால் தலைப்பு வலத்தோளுக்கு வந்துவிடும். வீட்டிலுள்ள பெரியவர்கள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான்.

பொடிக்கோடு, கட்டம் போட்ட சேட்டும் வேண்டாம். கால்பங்காகச் சுருக்கும்போது கோடுகள் அலையலையாகக் குழம்பும்.

பக்கத்தில நிக்கிற ஆக்கள்ட உடுப்பில கை வைக்காம எப்படி வெட்டுறது?

மாமாவின் ரீசேட்டைச் சுற்றி ஒரே கோடாக வெட்டத் தொடங்கினால் எங்கேயாவது பிழைக்கும். அந்தச் சுற்றெல்லை ஒரே தன்மையுடையதல்ல. எல்லையின் ஒவ்வொரு துண்டிலும் யார் முன்னால் நிற்கிறார் என்று பார்க்கவேண்டும். பக்கத்து ஆளோ பொருளோ மாமாவுக்கு முன்னால் இருந்தால் அங்கே நீங்கள் வெட்டவேண்டிய ஓரம் அவருடையது. மாமா முன்னால் நின்றால் அங்கே ஓரம் புதுச் சேட்டினுடையது, அது பழைய ரீசேட்டின் ஓரத்தைத் தாண்டி மூடியிருக்கவேண்டும்.

எங்கள் எடுத்துக்காட்டில் மாமியின் சாறித் தலைப்பு, தோளில் கிடக்கும் தம்பியின் விரல்கள், பிள்ளையின் தலையும் பூவும் முன்னால் இருப்பவை. தம்பியின் வேட்டிக் கரையும் சேட்டும், கடல், வானம் எல்லாம் பின்னால் இருப்பவை. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டே வேலையைத் தொடங்கலாம். சேட்டைத் தொடுவதற்கு முன்பே முன்னால் இருப்பவற்றை மட்டும் Pen Tool ஆல் சுற்றிக் கோடு போட்டு, Ctrl+Enter கொடுத்துத் தேர்வாக்கி, Ctrl+J கொடுத்து அசலிலிருந்து ஒரு பிரதியாக எடுத்து, எல்லா லேயருக்கும் மேலே வையுங்கள். அதற்கு ‘முன்’ என்று பெயர் கொடுக்கலாம். அடியில் பூட்டிய அசல், அதற்கு மேல் புதுச் சேட், அதற்கு மேல் நிழல், உச்சியில் ‘முன்’. இதுதான் அடுக்கு.

இப்படி வைத்தபிறகு, சாறித் தலைப்புப் பக்கமாக, சேட் எதுவரை தெரியவேண்டுமென்று வரையறுக்கும் மாஸ்க் கொஞ்சம் தாராளமாக ஓடினாலும் பிரச்சினையில்லை, ‘முன்’ லேயர் அதை மூடிக்கொள்ளும். நுணுக்கமாகச் சேட்டின் ஓரத்தை வெட்டவேண்டியது தம்பியின் பக்கமும் வானத்தின் பக்கமும் மட்டுந்தான். பாதி வேலை குறைந்துவிடும்.

தேர்வின் ஓரம் எவ்வளவு மென்மையாக இருக்கவேண்டுமென்பதைப் படமே சொல்லும். 200 வீதத்துக்குப் பெருப்பித்து, சாறிக்கும் ரீசேட்டுக்கும் இடையில் நிறம் எத்தனை பிக்சலில் மாறுகிறதென்று எண்ணுங்கள். கூர்மையான படத்தில் இரண்டு பிக்சல் இருக்கும், அதற்கு Feather 0.5 முதல் 1 வரை போதும். ஐந்து பிக்சல் Feather போட்டால் பட்டுக்கரை புகைந்து, சாறியை நீங்கள் தொட்டதாகவே தெரியும். அந்த இரண்டு பிக்சலும் பாதி மெரூன், பாதி நீலம் கலந்தவை. அதனால் ‘முன்’ தேர்வை Select > Modify > Contract இல் 1 பிக்சல் உள்ளே எடுங்கள். எடுக்காவிட்டால் சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் சாறியோரம் நீலநூல் ஓடியதுபோல் நிற்கும்.

விரல்களுக்கிடையில் உள்ள சந்துகளை மறக்கவேண்டாம். இரண்டு விரலுக்கு நடுவில் தெரியும் நீல முக்கோணம் ஒன்று போதும், முழுவேலையையும் காட்டிக்கொடுக்க.

முன்னுக்கு நிக்கிற பிள்ளைட முடி ஓரத்தில நீலமா அழுக்கு மாதிரி நிக்குது. எப்படி எடுக்கிறது?

அது முடியிழைகளுக்கு நடுவே தெரிந்த பழைய ரீசேட். வெளிர் பின்னணியில் இருந்த கறுமுடி என்றால் அந்தப் பகுதியை Multiply இல் வைத்தாலே வெளிச்சம் மறைந்து முடி மட்டும் நிற்கும். இங்கே பின்னணியும் இருட்டு, அதனால் Multiply போட்டால் நீலமும் கூடவே இறங்கும். Select and Mask இல் முடியைப் பிரிக்கும் கருவியும் கறுப்பையும் கடும்நீலத்தையும் பிரிக்கத் தடுமாறும்.

ஆகவே இழைகளைக் காப்பாற்ற நினைக்காமல், முடி அடர்த்தியாக இருக்கும் இடம்வரை வெட்டிவிட்டு இழைகளைத் திரும்ப வரையுங்கள். 1 அல்லது 2 பிக்சல் பிரஷ், நிறம் அந்த முடியிலிருந்தே எடுத்தது, நுனி மெலியவேண்டும். ஒரு தலைக்குப் பத்துப் பன்னிரண்டு இழை போதும். சீராக வரிசையாக வரையாமல் ஒன்றிரண்டு குறுக்கே போகட்டும். மல்லிகைப்பூவை வெட்டுவது சுகம், கடும்நீலத்தில் வெள்ளை தெளிவாகத் தெரியும். ஆனால் சந்தனச் சேட்டின்மேல் அதே பூ மங்கிவிடும். பூவுக்குக் கீழே மெல்லிய நிழல் ஒன்று விட்டால்தான் அது முன்னால் நிற்கும். முன்வரிசையில் விரித்த தலைமுடி அதிகமென்றால் தூய வெள்ளைச் சேட்டைக் கேட்பவரிடம் கொஞ்சம் அடர்ந்த நிறமொன்றைச் சொல்லிப்பாருங்கள்.

சேட் வந்திட்டு, ஆனா தலை சின்னதாத் தெரியுது. அளவை எப்படிப் பிடிக்கிறது?

தோளை வைத்து அளக்காதீர்கள், முகத்தை வைத்து அளவுங்கள். புதுப் படத்தில் சேட்டோடு முகமும் இருக்கவேண்டும் என்பது அதற்காகத்தான். புருவத்திலிருந்து நாடிவரை புதுப் படத்தில் 600 பிக்சல், குழுப் படத்தில் மாமாவுக்கு 150 பிக்சல் என்றால் புதுப் படத்தை 25 வீதத்துக்குச் சுருக்கவேண்டும். சுருக்கி, முகத்தின்மேல் முகத்தை வைத்துப் பார்த்து, பொருந்தியபிறகு புதுப் படத்தின் தலையையும் கழுத்தையும் மாஸ்க்கில் மறையுங்கள். மாமாவின் சொந்தக் கழுத்தும் முகமும் அசலில் இருந்தபடியே இருக்கும், அவற்றில் பிரஷ் படக்கூடாது.

கழுத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொலரின் பின்பகுதி கழுத்துக்குப் பின்னாலும் முன்பகுதி முன்னாலும் வரவேண்டும். ஆகவே கழுத்தின் இரு ஓரத்திலும் மாஸ்க்கைக் கழுத்துக்கோட்டோடு நிறுத்தி, முன் இறக்கைகள் இரண்டை மட்டும் கழுத்தின்மேல் ஏறவிடுங்கள். சேட்டின் மேல் பொத்தான் திறந்திருந்து அந்த இடைவெளிக்குள் ரீசேட்டின் நீலம் எட்டிப்பார்த்தால், தோலை வரையப்போகாதீர்கள். பொத்தானைப் பூட்டி இன்னொரு படம் எடுப்பது ஐந்து நிமிட வேலை.

எல்லாம் சரிதான், ஆனா ஒட்டினது போலயே கிடக்கு. என்ன குறை?

அநேகமாக நிழல்தான். தம்பியின் கை தோளில் இருந்தால் விரல்களுக்குக் கீழே ஒரு நிழல் இருக்கும், கடும்நீலத்தில் அது தெரிந்திருக்காது, சந்தனத்தில் தெரியவேண்டும். சேட்டுக்கும் ‘முன்’ லேயருக்கும் இடையில் ஒரு லேயர் போட்டு Multiply ஆக்கி, சேட்டின் நிழல் மடிப்பிலிருந்து நிறத்தை எடுத்து, விரலை ஒட்டிக் கூர்மையாகவும் தள்ளிப்போகப் போக மென்மையாகவும் தடவுங்கள். விரலுக்கு 3 முதல் 6 பிக்சல் அகலம் போதும். பிள்ளையின் தலை விழுத்தும் நிழல் அகலமாயும் மங்கலாயும் இருக்கும். நிழல் லேயர் சேட்டோடு Clipping Mask ஆகப் பிணைந்திருக்கவேண்டும். இல்லையென்றால் தம்பியின் சேட்டிலும் நிழல் வழியும்.

அடுத்தது பக்கத்து நிறம். வெளிர்ச் சேட் மெரூன் பட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பக்கக் கையில் லேசான செம்மை ஏறும். சாறியிலிருந்து நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால், Color முறையில் 8 முதல் 12 வீதம் வரை, சேட்டின் இடக்கையில் மட்டும் தொட்டுவிடுங்கள். இதைச் செய்தவுடன் படம் சட்டென்று அமர்ந்துவிடும். மாமாவின் பழைய ரீசேட் மாமியின் சாறியில் ஏதும் சாயலடித்திருந்தால் அதை விட்டுவிடுங்கள், யாரும் கவனிக்கமாட்டார்கள். திருத்தப் போனால் பக்கத்து ஆளைத் தொட்டதாகிவிடும்.

கடைசியாகக் கூர்மையும் புள்ளியும். சுருக்கிய சேட் குழுப் படத்தைவிடத் துல்லியமாக இருக்கும். Gaussian Blur 0.3 முதல் 0.8 வரை போட்டு மாமியின் சாறியின் கூர்மைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு Add Noise இல் Gaussian, Monochromatic தெரிந்து 1 முதல் 3 வீதம். இரண்டையும் சேட் லேயரில் மட்டும் செய்யவேண்டும், 100 வீதத்தில் பார்த்துச் செய்யவேண்டும்.

போன் ஆப்பில ‘இந்த ஆளுக்கு வெள்ளைச் சேட் போடு’ எண்டு எழுதினாக் கொஞ்ச நேரத்தில தருது. ஆனா பெரியம்மாட முகமும் மாறிப்போச்சு. ஏன் அப்படி?

எழுத்தில் கேட்டால் செய்துதரும் ஆப்புகள் பல, முழுப் படத்தையும் பார்த்து, முழுப் படத்தையும் புதிதாக வரைந்து தருகின்றன. சேட்டை மட்டும் மாற்றியதுபோல் தெரிந்தாலும் ஒவ்வொரு பிக்சலும் புதிது. பெரிய முகங்கள் தப்பிவிடும். குழுப் படத்தில் முகம் சின்னது, கண்ணுக்குக் கொஞ்சப் பிக்சல்தான் இருக்கும். அதிலிருந்து திரும்ப வரையும்போது பெரியம்மாவைப்போன்ற யாரோ ஒருவர் வருவார். சாறிக்கரையின் பூவேலையும் இப்படித்தான் வேறாகும். ‘மற்றவர்களை மாற்றாதே’ என்று எழுதுவது கொஞ்சம் உதவும், உத்தரவாதமில்லை.

வந்த படத்தை முடிவுப் படமாக எடுக்காமல், மேலே சொன்ன ‘புதுச் சேட்’ படமாக மட்டும் பயன்படுத்தினால் நல்ல பலன் தரும். வெளிச்சமும் கையின் நிலையும் ஏற்கனவே பொருந்தியிருக்கும் என்பது இதிலுள்ள இலாபம். முழுக் குழுப் படத்தையும் கொடுக்காதீர்கள். அசலிலிருந்து மாமாவின் தலை தொடக்கம் இடுப்புவரை, இருபக்கமும் கொஞ்சம் இடம்விட்டு, 1024 × 1024 போல ஒரு சதுரத்தை வெட்டி, வெட்டிய இடத்தின் இடமேல் மூலை எங்கே என்று குறித்துக்கொண்டு, அதை மட்டும் கொடுங்கள். வரும் படத்தை அதே அளவுக்குக் கொண்டுவந்து, குறித்த இடத்தில் அசலின்மேல் வைத்து, கலப்பு முறையை Difference ஆக்கி மாமாவின் முகம் முடிந்தளவு கறுப்பாகும்வரை நகர்த்துங்கள். பிறகு Normal ஆக்கி, சேட்டை மட்டும் மாஸ்க்கால் திறவுங்கள். ‘முன்’ லேயர் வழக்கம்போல மேலே இருக்கும். மாமியின் தலைப்பு, தம்பியின் விரல், எல்லா முகமும் அசலிலிருந்தே வரும்.

Photoshop இன் Generative Fill இதிலிருந்து வேறுபட்டது. தேர்ந்த பகுதிக்குள் மட்டும் வரைந்து, அதைத் தனி லேயராகத் தரும். ஆனால் தேர்வுக்குள் விரலோ தலைப்போ இருந்தால் அவற்றையும் சேர்த்து வரையும். தோளில் ஆறு விரல் வருவது அப்படித்தான். அதற்கும் மருந்து அதே ‘முன்’ லேயர். பெரிய பகுதியைத் தேர்ந்தால் துணியின் நெசவு மழுங்கியும் வரலாம், மாமியின் சாறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மற்றவங்களில ஒண்டும் மாறேல்ல எண்டு எப்படி உறுதியாச் சொல்றது? கண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுது.

கண்ணை நம்பவேண்டாம். அசலின் பிரதியொன்றை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து Difference ஆக்குங்கள். மாறாத இடம் தனிக்கறுப்பாகும், மாறிய இடம் மட்டும் தெரியும். சின்ன மாற்றம் கறுப்புக்குள் ஒளிந்திருக்கும் என்பதால், அதற்கு மேல் ஒரு Levels லேயர் போட்டு வலப்பக்க அளவை 255 இலிருந்து 10க்குக் கொண்டுவாருங்கள். இப்போது மாமாவின் சேட் மட்டும் பளிச்சென்று நிற்கவேண்டும். பெரியம்மாவின் கன்னத்தில் ஒரு சாம்பல் பொட்டுத் தெரிந்தால் பிரஷ் அங்கே பட்டிருக்கிறது. படம் முழுக்கப் பொடிப்புள்ளி தெரிந்தால் ஏதோ ஒரு வடிகட்டி முழுப் படத்துக்கும் விழுந்திருக்கிறது, அல்லது இடையில் ஜேபெக் ஆகச் சேமித்திருக்கிறீர்கள்.

கொம்பியூட்டரில் ImageMagick 7 இருந்தால் இன்னும் திடமாகச் செய்யலாம். சேட் வரும் இடம் வெள்ளை, மற்றதெல்லாம் தனிக்கறுப்பு என்று ஒரு மாஸ்க் படத்தைச் சேமியுங்கள். அசல் before.png, வேலை முடிந்த படம் after.png, மாஸ்க் mask.png; மூன்று படமும் ஒரே அளவு, மூன்றும் PNG.

```
magick before.png after.png mask.png -composite final.png
magick compare -metric AE before.png final.png diff.png
```

முதல் வரி, மாஸ்க் கறுப்பாக உள்ள எல்லா இடத்தையும் அசலிலிருந்தே எடுக்கும். வேலையின் நடுவில் எங்கேயாவது கை தவறியிருந்தாலும் அது இங்கே கழன்றுவிடும். இரண்டாவது வரி எத்தனை பிக்சல் மாறியிருக்கிறதென்ற எண்ணைத் தந்து, மாறிய இடங்களை diff.png இல் சிவப்பாகக் காட்டும். சிவப்பு சேட்டின் உருவத்துக்குள் அடங்கியிருக்கவேண்டும்.

கொம்பியூட்டரில நல்லாத்தான் இருந்திச்சு. பிரின்ட் எடுத்தா எல்லாற்ற முகமும் வெளுத்துப் போச்சு. அப்ப மாறித்தானே இருக்கு?

அது உங்கள் வேலையால் வந்ததாக இருக்காது. பிரின்ட் போடும் மெஷினில் தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் ஏற்பாடு இருக்கும். கடும்நீலம் இருந்த இடத்தில் வெளிர்ச் சேட் வந்ததும் படத்தின் சராசரி வெளிச்சம் மாறுகிறது, மெஷினும் அதற்கேற்ப முழுப் படத்தையும் மாற்றுகிறது. கொடுக்கும்போதே ‘கரெக்ஷன் வேண்டாம், அப்படியே போடுங்க’ என்று சொல்லிக் கொடுங்கள். ஜேபெக் ஆகக் கொடுப்பதென்றால் கடைசியில் ஒரேயொரு முறை, Photoshop இல் தரம் 10க்கு மேல் வைத்துச் சேமியுங்கள்.

மாத்துறதுக்கு அந்த ஆளிட்டக் கேக்கணுமா?

கேட்கவேண்டும். காலஞ்சென்றவர் என்றால் வீட்டாரிடம். உடலைக் கூட்டிக்காட்டும் உடுப்புக்கோ, போடாத சீருடைக்கோ மாற்றச் சொன்னால் ஏற்காதீர்கள். அலுவலக ஆவணத்துக்குப் போகிற படத்திலும் இந்த வேலை கூடாது.

சாறியை மாத்துறதும் இதே வழிதானா?

அடுக்கு அதேதான், எல்லை மட்டும் கூடும். சேட் உடம்போடு முடிகிறது. சாறியின் தலைப்பு பக்கத்து ஆளின் கையில் படும், கொசுவ மடிப்பு முன்வரிசைக்குள் இறங்கும், ரவிக்கை வேறு துணி. சாறி, ரவிக்கை, தலைப்பு மூன்றுக்கும் தனித்தனி மாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் மட்டும் மாற்றுவதென்றால் சரிகைக்கரையை மாஸ்க்குக்கு வெளியே விடவேண்டும். பச்சை அடித்த சரிகை பட்டாகவே தெரியாது.

மெல்லிய சாறியென்றால் இன்னொரு பொறி இருக்கிறது. தலைப்பின் ஊடாகப் பக்கத்து ஆளின் உடுப்பு லேசாகத் தெரியும். அந்த இடத்தில் இருவருடைய நிறமும் ஒரே பிக்சலில் கலந்திருப்பதால் வெட்டிப் பிரிக்க ஏலாது. அந்தத் துண்டுக்கு மட்டும் Color முறையில் 50 முதல் 70 வீதம் நிறமேற்றி விடுவதே நடைமுறைக்கு ஏற்றது. வேறு டிசைன் சாறி போடக் கேட்டால், தலைப்பு உடம்போடு முடிகிறமாதிரி மடித்துக் கட்டிய படமாகப் பார்த்து எடுங்கள்.

மாமாக்கு முடிஞ்சிது. இப்ப தம்பிக்கும் மாத்தச் சொல்றாங்க. முடிச்ச படத்திலயே செய்யலாமா?

ஒட்டித் தட்டையாக்கிய படத்தில் செய்யாதீர்கள், லேயர்கள் இருக்கும் கோப்பில் செய்யுங்கள். இருவரில் பின்னால் நிற்பவர் தம்பி, ஆகவே அவருடைய புதுச் சேட் மாமாவின் சேட் லேயருக்குக் கீழே, அசலுக்கு மேலே வரவேண்டும். அப்படி வைத்தால் மாமா பக்கத்து ஓரத்தை மாமாவின் சேட்டே மூடும், தம்பிக்கு அந்தப் பக்கம் வெட்ட வேண்டிய வேலையே இல்லை. மாமாவின் தோளில் கிடக்கும் கையை மட்டும் கவனியுங்கள். கை ‘முன்’ லேயரில் பழையபடி வெறுங்கையாக இருக்கிறது. தம்பிக்கு முழுக்கைச் சேட் போட்டால் மணிக்கட்டுவரை புதுத் துணி வரவேண்டும். அந்தக் கைத்துண்டை ‘முன்’ லேயருக்கு மேலே தனியாக வைத்து, விரல்களின் நிழலைப்போலவே அந்தக் கைக்கும் மாமாவின் சேட்டில் நிழல் போடவேண்டும். சோதனைக்கு இரண்டு சேட்டும் சேர்ந்த புது மாஸ்க் ஒன்று செய்து, மேலே சொன்ன இரண்டு வரியையும் முதல் அசலோடேயே திரும்ப ஓட்டுங்கள்.